90 குதிரைகள் எப்போது இழுக்கின்றன?

கார் ஷோரூமில் தரும் கையேட்டில் இன்ஜின் பகுதியைப் புரட்டினால் இரண்டு எண்கள் தவறாமல் இருக்கும். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் பொருத்திய சாதாரண ஹேட்ச்பேக் என்றால், ‘66 கிலோவாட், 6000 ஆர்.பி.எம்.’ என்பது போல ஒன்று. ‘113 நியூட்டன் மீட்டர், 4400 ஆர்.பி.எம்.’ என்பது போல இன்னொன்று. முதலாவது திறன், இரண்டாவது டார்க். 66 கிலோவாட்டை நம் வழக்கக் கணக்கில் சொன்னால் 90 குதிரைத்திறன். விற்பவர் அழுத்திச் சொல்வதும், வாங்குபவர் பக்கத்து ஷோரூம் காரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த 90ஐத்தான்.

ஆனால் அந்தக் கார் சாலையில் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி 90 குதிரைத்திறனைத் தருவதே இல்லை. சமதளமான நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போவதற்குச் சக்கரங்களில் 10 குதிரைத்திறன் இருந்தால் போதும். அதே 80இல் ஆக்சிலரேட்டரை மிதித்து வேகம் கூட்டினால் தேவை 40ஐத் தாண்டுகிறது. நிற்கும் கார் நகரத் தொடங்கும் அந்தக் கணத்திலோ, காருக்குப் போய்ச் சேரும் திறன் பூஜ்யம். கார் ஒன்றுதான், இன்ஜினும் ஒன்றுதான். கணத்துக்குக் கணம் கணக்கு மாறுகிறது. அந்தக் கணக்கைப் போட ஒரே ஒரு பெருக்கல் போதும்: காரைத் தள்ளும் விசையை, அந்தக் கணத்தில் காருக்கு இருக்கும் வேகத்தால் பெருக்க வேண்டும்.

குதிரையிடமிருந்து வந்த கணக்கு

குதிரைத்திறன் என்ற அளவே இந்தப் பெருக்கலில் பிறந்ததுதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரங்களை இங்கிலாந்தில் ஆலைக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அவர்கள் அதுவரை செக்குபோலச் சுற்றிவரும் குதிரைகளை வைத்தே இயந்திரங்களை ஓட்டியவர்கள். ‘உன் இயந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, ஒரு குதிரை என்ன செய்கிறது என்று அவர் கணக்கிட்டார்.

12 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு 144 முறை குதிரை சுற்றிவருகிறது. அது இழுக்கும் விசை 180 பவுண்டு, அதாவது சுமார் 82 கிலோ எடையைத் தாங்கும் அளவு விசை. சுற்றளவையும் சுற்றுகளையும் வைத்துப் பார்த்தால் குதிரையின் நடை நிமிடத்துக்கு 181 அடி. 180ஐ 181ஆல் பெருக்கினால் 32,580 வரும். அதை வாட் 33,000 என்று முழுமையாக்கினார். இன்றைய அலகில் அது 746 வாட். கார் கையேடுகளில் வரும் மெட்ரிக் குதிரைத்திறன் இதைவிடச் சற்றுக் குறைவு, 735 வாட். 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன் அது.

இங்கே கவனிக்க வேண்டியது, குதிரை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை மட்டும் வாட் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே. இழுத்தபடி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதையும் சேர்த்தார். கட்டிப்போட்ட குதிரை எவ்வளவு முட்டி இழுத்தாலும் ஆலை ஓடாது. விசையும் வேகமும் சேர்ந்தால்தான் திறன்.

திறன் = விசை × வேகம்

விசையை நியூட்டனிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் எடுத்துக்கொண்டால், விடை நேராக வாட்டில் கிடைக்கும். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் தாங்கத் தேவையான விசை கிட்டத்தட்ட 10 நியூட்டன் என்று மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் எண்கள் மிரட்டாது. கிலோமீட்டர் வேகத்தை 3.6ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பது தெரியும். 36 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 10 மீட்டர்.

ஒரே தள்ளு, வேறு வேறு விலை

நம் ஹேட்ச்பேக்கில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மொத்தம் 1100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடும்போது இன்ஜின் மூன்று வேலைகளுக்கு விசை தர வேண்டும்.

முதலாவது முடுக்கம். ஒவ்வொரு வினாடியும் காரின் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம், அதாவது 3.6 கிலோமீட்டர் வீதம், ஏற வேண்டும் என்றால் நியூட்டனின் விதிப்படி 1100 நியூட்டன் விசை வேண்டும். நகரத்தில் சிக்னல் விழுந்ததும் நிதானமாகக் கிளம்பும் கார் ஏறக்குறைய இப்படித்தான் வேகம் எடுக்கும். இரண்டாவது, டயர்கள் உருளும்போது நசுங்கி விரிவதால் வரும் தடை. நல்ல தார்ச்சாலையில் இந்தக் காருக்குச் சுமார் 130 நியூட்டன். வேகம் கூடினாலும் அதிகம் மாறாது. மூன்றாவது காற்று. இது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40 கிலோமீட்டரில் 50 நியூட்டன்தான். 80இல் அது நான்கு மடங்காகி 200 நியூட்டன், 100இல் 310ஐத் தாண்டும்.

இப்போது அதே நிதானமான முடுக்கத்தோடு வெவ்வேறு வேகங்களைக் கடக்கும்போது சக்கரங்களில் எவ்வளவு திறன் வேண்டும் என்று பார்க்கலாம்.

20 கிலோமீட்டரைக் கடக்கும் கணத்தில் மொத்த விசை 1240 நியூட்டன். வேகம் வினாடிக்கு 5.6 மீட்டர். பெருக்கினால் 6.9 கிலோவாட், அதாவது 9 குதிரைத்திறன். 40ஐக் கடக்கும்போது 19 குதிரைத்திறன். 80ஐக் கடக்கும்போது விசை 1430 நியூட்டன், வேகம் 22.2 மீட்டர், பெருக்கினால் 31.8 கிலோவாட், 43 குதிரைத்திறன். 100ஐக் கடக்கும்போது 58.

இருக்கையில் முதுகு அழுந்தும் உணர்வு நான்கு இடங்களிலும் ஒன்றுதான். ஏனென்றால் உடல் உணர்வது முடுக்கத்தை மட்டுமே. ஆனால் இன்ஜின் கொடுக்கும் விலை 9இலிருந்து 58க்கு ஏறிவிட்டது. இதில் காற்றின் பங்கு குறைவு. 20க்கும் 80க்கும் இடையில் விசை 15 சதவீதம்தான் கூடியது. வேகமோ நான்கு மடங்கானது. திறன் ஏறியதற்கு அந்த நான்கு மடங்கே முக்கியக் காரணம். அதே விசையால் தள்ளினாலும், ஒரு வினாடிக்குள் கார் நான்கு மடங்கு தூரம் ஓடிவிடுகிறது. அந்த முழுத் தூரத்துக்கும் தள்ளிக்கொண்டே போக வேண்டும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. ஒரு வினாடியில் எவ்வளவு வேலை என்பதே திறன்.

ஒரு காரின் ‘பிக்கப்’ 40 வரைக்கும் பிரமாதம், 90க்கு மேல் சோர்ந்துவிடுகிறது என்று ஓட்டுபவர்கள் சொல்வதன் காரணமும் இதுதான். இன்ஜின் சோர்ந்துபோகவில்லை. அதே அளவு முடுக்கத்துக்குக் கேட்கும் விலை கூடிவிட்டது.

சராசரி வேறு, இந்தக் கணம் வேறு

பள்ளிப் பாடத்தில் திறனைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் வழி, செய்த வேலையை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பது. அது தவறில்லை. ஆனால் அதில் கிடைப்பது சராசரி. வேகம் மாறிக்கொண்டே இருக்கும் காரில் சராசரிக்கும் குறிப்பிட்ட கணத்தின் திறனுக்கும் பெரிய இடைவெளி உண்டு.

தடைகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கார் நின்ற நிலையிலிருந்து 10 வினாடியில் 36 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது என்று கொள்வோம். 1100 கிலோ எடையுள்ள கார் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் 55 கிலோஜூல். 10 வினாடியால் வகுத்தால் சராசரித் திறன் 5.5 கிலோவாட். ஆனால் 10ஆவது வினாடியின் முடிவில் மீட்டர் 36ஐத் தொடும் கணத்தில், 1100 நியூட்டனை 10 மீட்டரால் பெருக்கினால் 11 கிலோவாட். சராசரியைப் போல் சரியாக இரண்டு மடங்கு. முதல் வினாடியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் தொடங்கி, நடுவில் 5.5ஐக் கடந்து, கடைசியில் 11ஐத் தொட்டிருக்கிறது.

அடுத்த 10 வினாடியிலும் அதே முடுக்கத்தோடு கார் 72ஐ எட்டினால், இந்த இரண்டாம் பாதிக்குச் செலவான ஆற்றல் 165 கிலோஜூல். முதல் பாதியைப் போல் மூன்று மடங்கு! கூடிய வேகம் என்னவோ அதே 36 கிலோமீட்டர்தான்.

திறனில்லாத விசையும், கருகும் கிளட்சும்

இந்தப் பெருக்கலின் ஒரு முனையில் வேகம் பூஜ்யம். பழுதாகி நின்ற காரைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சக்கரம் அசையும்வரை உடம்பெல்லாம் வியர்க்கிறது. ஆனால் கார் நகராதவரை காருக்கு நாம் கொடுத்த திறன் பூஜ்யம். செலவான சக்தி முழுவதும் நம் தசைகளிலேயே வெப்பமாகிவிட்டது.

கார் கிளம்பும்போது கிளட்சில் நடப்பதும் இதுவே. இன்ஜின் 1500 ஆர்.பி.எம்.மில் சுற்றிக்கொண்டு 60 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது என்றால், அது வெளியிடும் திறன் 9.4 கிலோவாட். முதல் கியரில் அந்த ஆர்.பி.எம்.முக்கு உரிய வேகம் சுமார் 11 கிலோமீட்டர். ஆனால் கிளட்சைப் பாதி விட்ட நிலையில் கார் இன்னும் 3.6 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்கிறது. அப்போது சக்கரத்தில் தள்ளும் விசை 2670 நியூட்டன், வேகம் வினாடிக்கு 1 மீட்டர், திறன் 2.7 கிலோவாட். மீதியில் பெரும்பங்கு, 6 கிலோவாட்டுக்கு மேல், கிளட்ச் தட்டின் உரசலில் வெப்பமாகப் போகிறது. ஒரு சில வினாடிகளில் கார் வேகம் எடுத்துவிட்டால் பாதகமில்லை. மலைப்பாதை நெரிசலில் பிரேக்கை விட்டுவிட்டுக் கிளட்சாலேயே காரைப் பிடித்து நிறுத்துபவர்களுக்குத்தான் ஆபத்து. கார் நகரவில்லை, வேகம் பூஜ்யம். இன்ஜின் தரும் திறன் மொத்தமும் அந்தத் தட்டிலேயே இறங்குகிறது. சில நிமிடங்களில் எழும் கருகல் வாடை அதன் அறிகுறி.

லாரியை முந்தும் 4 வினாடி

இருவழிச் சாலையில் முன்னால் ஒரு லாரி 60 கிலோமீட்டரில் போகிறது. பின்னால் நம் கார், 5ஆம் கியரில், அதே 60இல். எதிர்ப்புறம் காலியாகத் தெரிகிறது. ஓட்டுபவர் கியரை மாற்றாமல் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கிறார். என்ன நடக்கிறது?

5ஆம் கியரில் 60 கிலோமீட்டர் என்றால் இந்த வகைக் காரில் இன்ஜின் 1700 ஆர்.பி.எம். அளவில்தான் சுற்றும். அங்கே முழு ஆக்சிலரேட்டரிலும் இத்தகைய இன்ஜின் ஏறக்குறைய 95 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். திறன் 16.8 கிலோவாட். கையேட்டில் 90 குதிரைத்திறன். கையில் கிடைத்தது 23. கியர்பாக்ஸிலும் அச்சிலும் பத்தில் ஒரு பங்கு போக, மிச்சத்தைக் காரின் வேகத்தால் வகுத்தால் சக்கரத்தில் 900 நியூட்டன் விசை கிடைக்கும். டயர் தடையும் காற்றும் அதில் 240 நியூட்டனைத் தின்றுவிடும். மீதி 660 நியூட்டனில் 1100 கிலோ கார் வினாடிக்கு 2 கிலோமீட்டர் சொச்சம்தான் வேகம் கூட்டும். 60இலிருந்து 80ஐத் தொட 9 வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் கார் 180 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே இன்னொரு வண்டி 60இல் வந்தால் அதுவும் 150 மீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கும்.

இதே ஓட்டுநர் முந்துவதற்கு முன் 3ஆம் கியருக்கு இறக்கியிருந்தால் இன்ஜின் 2900 ஆர்.பி.எம்.முக்குத் தாவியிருக்கும். அங்கே டார்க் 108 நியூட்டன் மீட்டர். பெரிதாகக் கூடவில்லை. ஆனால் சுழற்சி 1.7 மடங்கானதால் திறன் 32.6 கிலோவாட், அதாவது 44 குதிரைத்திறன். கார் போகும் வேகம் மாறவில்லை என்பதால், கூடிய திறன் முழுவதும் கூடிய விசையாகவே வெளிவர வேண்டும். சக்கரத்தில் 1760 நியூட்டன். தடைபோக 1520. முடுக்கம் இரண்டு மடங்குக்கும் மேல். 80ஐத் தொட 4 வினாடி, 78 மீட்டர்.

கியர் எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. சுழலும் வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறது, அவ்வளவே. இரண்டின் பெருக்கல் கியர்பாக்ஸின் இரு பக்கமும், உரசல் இழப்பு நீங்கலாக, ஒன்றுதான். கியரை இறக்குவதால் கிடைக்கும் ஆதாயம், இன்ஜினை அது அதிகத் திறன் தரக்கூடிய ஆர்.பி.எம்.முக்கு ஏற்றிவிடுவதில் இருக்கிறது.

குறைந்த ஆர்.பி.எம்.மில் பெரிய கியரை வைத்துக்கொண்டு முழுதாக மிதிக்கும்போது இன்ஜின் அதிர்ந்து முனகுவதும், சில நேரம் ‘டிக்டிக்’ என்று நாக்கிங் சத்தம் வருவதும், இல்லாத திறனைக் கேட்கிறோம் என்பதற்கு அடையாளம். குடும்பம் முழுவதும் ஏறி, டிக்கியும் நிரம்பி, கூடுதலாக 300 கிலோ சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 5ஆம் கியரில் 60இலிருந்து 80க்கு 12 வினாடி ஆகும். தனியாக ஓட்டும்போது எடுத்த கணிப்பை நம்பி முந்தப் போனவர் நடுவழியில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். 3ஆம் கியரிலோ சுமை கூடியும் 5 வினாடி சொச்சத்தில் முடிந்துவிடும்.

மின்சாரக் காரில் இந்தக் கியர் வேலை இல்லை. மோட்டார் நகர வேகத்திலேயே தன் முழுத் திறனை எட்டிவிட்டு, அதற்குமேல் பெரும்பாலும் அதே அளவில் நிற்கிறது. சக்கரத்தில் 80 கிலோவாட் கிடைக்கும் ஒரு மின்சாரக் கார் 50 கிலோமீட்டரில் 5760 நியூட்டன் விசை தரும். 100இல் வேகம் இரட்டிப்பாகிவிட்டதால் விசை 2880 ஆகப் பாதியாகும். சிக்னலில் அம்பாகப் பாயும் மின்சாரக் கார் நெடுஞ்சாலையில் சாதாரணமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. திறன் மாறாமல் நின்றால், வேகம் ஏற ஏற விசை இறங்கித்தான் ஆக வேண்டும்.

செல்போனில் அளந்து பார்க்கலாம்

டியூனிங் கடைகளில் இருக்கும் டைனோ இயந்திரம் இந்தக் கணக்கைத்தான் செய்கிறது. காரின் சக்கரங்களைக் கனமான உருளைமேல் ஏற்றி ஓட்டவிட்டு, உருளையின் விளிம்பில் டயர் கொடுக்கும் விசையையும் விளிம்பின் வேகத்தையும் பெருக்கித் திரையில் காட்டுகிறது. டைனோ இல்லாமலும் தோராயமாகப் பார்க்க முடியும். ஆளில்லாத, சமமான, நேரான சாலை ஒன்று வேண்டும். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஜி.பி.எஸ். வேகம் காட்டும் செல்போன் திரையையோ ஸ்பீடோமீட்டரையோ படம்பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் தடையை அளக்க வேண்டும். 80ஐத் தாண்டியதும் நியூட்ரலில் போட்டுவிட்டு வேகம் தானாக எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். நம் காரில் 80ஐ ஒட்டி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வீதம் குறையும். 1100 கிலோவுக்கு அது சுமார் 330 நியூட்டன் தடை. கார் நிறுவனங்களும் சோதனைத் தளத்தில் காரை இப்படி உருளவிட்டுத்தான் அதன் சாலைத் தடையைக் கண்டுபிடிக்கின்றன.

அடுத்து 3ஆம் கியரில் முழு ஆக்சிலரேட்டர். படத்தை ஒவ்வொரு வினாடியாக நிறுத்திப் பார்க்கும்போது, ஒரு வினாடியில் வேகம் 70இலிருந்து 75க்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 1.39 மீட்டர். 1100ஆல் பெருக்கினால் 1530 நியூட்டன். நடுவில் இருக்கும் 72.5 வேகத்தில் தடை சுமார் 290. மொத்தம் 1820 நியூட்டன். வேகம் வினாடிக்கு 20.1 மீட்டர். சக்கரத்தில் திறன் 36.7 கிலோவாட், அதாவது 50 குதிரைத்திறன்.

இந்த எண்ணைக் கையேட்டு எண்ணோடு வைத்து உடனே கார் நிறுவனத்தோடு சண்டைக்குப் போய்விடக் கூடாது. கையேட்டு எண் இன்ஜினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி அளந்தது. சக்கரத்தை அடைவதற்குள் பத்து, பதினைந்து சதவீதம் போய்விடும். தவிர, அது 6000 ஆர்.பி.எம்.மில் கிடைப்பது; நாம் அளந்தது 3500இல்.

அளவையே கெடுக்கும் விஷயங்களும் உண்டு. ஸ்பீடோமீட்டர்கள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டாதபடி, சற்றுக் கூட்டிக் காட்டுமாறே அமைக்கப்படுகின்றன. அது 5 சதவீதம் கூட்டினால் திறன் 10 சதவீதம் கூடித் தெரியும். வேகம் மட்டுமல்லாமல் முடுக்கமும் அதே அளவு ஊதிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவு இன்னொரு வில்லன். 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் இருந்தால் 108 நியூட்டன் இலவசமாகச் சேரும். இந்த வேகத்தில் அது 2 கிலோவாட். அதே சாலையில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். சக்கரங்களையும் இன்ஜினின் ஃப்ளைவீலையும் சுழலவைக்கவும் கொஞ்சம் திறன் செலவாகிறது. 3ஆம் கியரில் அது சில சதவீதம்தான். முதல் கியரில் கணிசமாகிவிடும் என்பதால் அங்கே அளக்காமல் இருப்பதே நல்லது.

90 கிடைக்கும் இடம்

கையேட்டில் இன்னொரு எண்ணும் இருக்கும்: 0 முதல் 100 கிலோமீட்டர்வரை எத்தனை வினாடி என்பது. 12 வினாடி என்று போட்டிருந்தால், 100இல் போகும் 1100 கிலோ காரின் இயக்க ஆற்றலான 425 கிலோஜூலை 12ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரி 35 கிலோவாட். 66 கிலோவாட் இன்ஜினில் பாதியைச் சற்றுத் தாண்டியதுதான் முடுக்கத்துக்குப் போயிருக்கிறது. காற்றும் டயரும் கியர்பாக்ஸும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் திறனே இல்லை. ஒவ்வொரு கியரின் தொடக்கத்திலும் இன்ஜின் 6000இலிருந்து கீழிறங்கி மறுபடி ஏற வேண்டியிருந்தது.

அப்படியானால் முழு 90 எப்போது கிடைக்கும்? இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மைத் தொடும்போது மட்டும். முதல் கியரில் அது 46 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும். 2ஆம் கியரில் 84இல். 3ஆம் கியரில் 125இல், 4ஆம் கியரில் 165இல். 5ஆம் கியரில் 6000 ஆர்.பி.எம். என்றால் கார் 210க்கு மேல் போக வேண்டும். ஆனால் 180ஐ நெருங்கும்போதே காற்றின் தடையும் டயரின் தடையும் சேர்ந்து, இந்தக் காரின் முழுத் திறனையும் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிடும். அதற்குமேல் முடுக்கத்துக்கு ஒரு நியூட்டன்கூட மிஞ்சாது. ஆகவே 5ஆம் கியரில் இந்தக் காரின் 90 குதிரைத்திறன் எந்தச் சமதளச் சாலையிலும், எந்த ஓட்டுநருக்கும் கிடைக்கப் போவதில்லை. அந்தக் கியர் குறைந்த சுழற்சியில், குறைந்த பெட்ரோலில், சீரான வேகத்தில் போவதற்காகப் போட்டது. அங்கே தேவைப்படும் 10 குதிரைத்திறனை அது தாராளமாகத் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கியரை இறக்கித்தான் வாங்க வேண்டும்.